கேக்கில் மீன் வாடை

என் மாமியார் சுத்த சைவம். முட்டை சேர்த்த கேக் என்றால்கூட மரியாதைக்கு ஒரு துண்டைத் தட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத நேரத்தில் பேரன் பக்கம் தள்ளிவிடுவார். அதனால்தான் மகனின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு, அத்தையும் சாப்பிடும்படி முட்டையில்லாத வெண்ணெய் கேக் ஒன்றை வீட்டிலேயே செய்யலாம் என்று இறங்கினேன். பொங்கோலில் புது வீவக வீடு. வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சுவரோடு பொருத்திய புத்தம்புது ஓவன். பால் காய்ச்சியதுகூடத் தரையில் வைத்த சின்ன எரிவாயு அடுப்பில்தான் என்பதால், ஓவனை அதுவரை யாரும் தொடவில்லை.

180 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கினேன். லேசாக ஒரு வாடை வந்தது. புது வீடு, புது அலமாரி, புது பெயிண்ட், எல்லாமே வாடைதான் என்று நினைத்துக் கேக் கலவையை உள்ளே வைத்தேன். கால் மணி நேரத்தில் ஓவன் கதவின் மேல் விளிம்பிலிருந்து மெல்லிய வெண்புகை கிளம்பியது. வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த அத்தை மூக்கைச் சுளித்தார்.

"ஏம்மா, யாரு வீட்ல மீன் பொரிக்கிறாங்க?"

பக்கத்து வீடாக இருக்கும் என்றேன். அடுத்த நிமிடம் வரவேற்பறைக் கூரையில் இருந்த தீ எச்சரிக்கைக் கருவி அலற ஆரம்பித்தது. 2018 ஜூன் முதல் கட்டப்படும் புது வீடுகளில் இந்தக் கருவி கட்டாயம் என்பது எனக்குத் தெரியும். வானொலியில் அந்தத் தகவலை நானே வாசித்திருக்கிறேன். அது என்னைப் பார்த்தே அலறும் என்று எதிர்பார்க்கவில்லை. கணவருக்கு போன் செய்து, "அவன்ல புகை வருதுங்க" என்றேன். "எவன்ல?" என்றார். சிரிக்கும் நிலையில் நான் இல்லை. மாமாவுக்கு ஆஸ்துமா. அவர் இருமத் தொடங்கி, இன்ஹேலரைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவரைக் கைத்தாங்கலாகப் பொது நடைபாதைக்கு அழைத்துச் சென்று நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஜன்னல்களைத் திறந்தேன். எதிர்வீட்டு மலாய் அம்மா மின்விசிறி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இருபது நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. மாமாவும் இயல்பாக மூச்சு விட்டார். ஆனால் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. கேக் பாதி வெந்துவிட்டதே என்று ஓவனை அணைக்காமல் விட்டுவிட்டேன். வெந்து வந்த கேக் பார்க்க அழகாக இருந்தது. வாயில் வைத்தால் முதலில் வெண்ணெய், அடுத்து எண்ணெய்க் கடை, கடைசியில் நிச்சயமாக மீன். கொழுப்பு வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை வெண்ணெய் கேக் செய்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அத்தை அன்றைக்கு ஒளிக்காமல், எல்லார் முன்னாலும் தட்டைத் திருப்பிக் கொடுத்தார். மகனுக்கு அங்காடியிலிருந்து கேக் வந்தது.

மறுநாள் ஓவனைப் பொருத்திக் கொடுத்த சீன அங்கிளுக்குப் போன் செய்தேன். புகைக்கு அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "முதலில் சும்மா சூடு காட்டவில்லையா?" என்று மட்டும் கேட்டார். அப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே என்றேன். கையேட்டில் இருக்கிறது என்றார். இருந்தது. பிளாஸ்டிக் பையோடு இழுப்பறையில் நான் பத்திரமாக வைத்திருந்த கையேட்டின் ஆரம்பப் பக்கங்களிலேயே, முதல்முறை சமைப்பதற்கு முன் காலி ஓவனைச் சூடாக்கும்படி எழுதியிருந்தது. ஊடகம் படித்தவள், தினமும் அடுத்தவர்கள் எழுதிக் கொடுத்ததை வாசித்துச் சம்பாதிப்பவள், தன் வீட்டுக் கையேட்டை வாசிக்கவில்லை.

அந்த அங்கிளோடு பேசியதிலும் பிறகு தேடிப் படித்ததிலும் தெரிந்துகொண்ட முதல் விஷயம், ஓவனின் உட்சுவர் வாடை தராது என்பதுதான். அந்த வழவழப்பான எனாமல் பூச்சு உண்மையில் கண்ணாடி. தகட்டின் மேல் தூளாகப் பூசி, ஏறக்குறைய 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்ட வைப்பார்கள். அந்தச் சூட்டைக் கண்ட பொருள் நம் வீட்டு 180 டிகிரிக்கு எந்தப் புகையும் விடாது. வாடை வருவது அதைச் சுற்றி இருப்பவற்றிலிருந்து.

முதலாவது எண்ணெய். சூடேற்றும் கம்பி என்று நாம் சொல்வது உண்மையில் ஓர் உலோகக் குழாய். அதற்குள்தான் மின்கம்பி இருக்கிறது. குழாயை இழுத்து வளைக்கும்போதும், தகடுகளை அழுத்தி வடிவமைக்கும்போதும் தொழிற்சாலையில் மசகு எண்ணெய் பயன்படுத்துவார்கள். கப்பலில் வரும்போது துருப்பிடிக்காமல் இருக்கவும் சில பாகங்களில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். கம்பி பழுக்கச் சிவக்கும்போது அந்தப் படலம் ஆவியாகிப் புகைகிறது. நான் பார்த்த வெண்புகையில் பெரும்பங்கு இதுதான்.

இரண்டாவது, அத்தையின் மூக்கு சரியாகக் கண்டுபிடித்த மீன். எனாமல் பெட்டிக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே, சூடு வெளியே போகாமலிருக்கக் கண்ணாடி இழையாலோ கல் இழையாலோ ஆன கம்பளி போன்ற பொருளைச் சுற்றியிருப்பார்கள். இழைகள் உதிராமல் நிற்கப் பிசின் சேர்த்திருப்பார்கள். முதல்முறை நல்ல சூடு ஏறும்போது, பெட்டியை ஒட்டிய பக்கத்தில் அந்தப் பிசின் சிதைகிறது. அப்போது வெளிவரும் வாயுக்களில் அமின் என்ற வகையைச் சேர்ந்தவையும் இருக்கலாம். கெட்டுப்போகும் மீனின் வாடைக்குக் காரணமும் அதே குடும்பம்தான். ஆகவே எங்கள் வீட்டில் மீன் இல்லை என்று நான் சொன்னதும் உண்மை, மீன் வாடை வருகிறது என்று அத்தை சொன்னதும் உண்மை.

கதவைச் சுற்றியுள்ள ரப்பர் போன்ற பட்டை, ஒட்டுப்பசை, வெளிப்பாகங்களின் பெயிண்ட் ஆகியவையும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். இவை எல்லாமே ஒருமுறை நன்றாகச் சூடாகிப் போய்விட்டால் திரும்பி வராது. அப்படிப் போகவைப்பதுதான் அந்த முதல் வெறுஞ்சூடு.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் உடனே, "தோசைக்கல்ல பழக்குற மாதிரிதானே? உள்ள நல்லெண்ணெய் தடவிச் சூடு காட்டு" என்றார். சிராங்கூன் சாலைக் கடைகளில் இரும்புத் தோசைக்கல் வாங்கியவர்கள் எல்லாரும் செய்யும் வேலை அது. அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டு, தேய்த்து, எண்ணெய் தடவித் தடவிச் சூடாக்கினால் கல் பழகும். மாவு ஒட்டாது.

அம்மா சொன்னதைச் செய்யாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. இரண்டும் நேர் எதிரான வேலைகள். தோசைக்கல்லில் எண்ணெயைச் சூடாக்கி இரும்பின் மேல் ஒரு படலத்தைச் சேர்க்கிறோம். ஓவனில் ஏற்கெனவே இருக்கும் படலத்தை விரட்டுகிறோம். எனாமலில் நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கினால் பழகாது. மஞ்சள் கோந்தாகப் பிடித்து, பிறகு கருகி, ஒவ்வொரு முறை ஓவனைப் போடும்போதும் புகையும். தொழிற்சாலை விட்டுவைத்த எண்ணெய் போதாதென்று நாமும் கொஞ்சம் சேர்த்ததுபோல் ஆகிவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மாமா அத்தையையும் மகனையும் கணவரோடு தேக்காவுக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினேன். இரண்டு மணி நேரமாவது திரும்பி வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் புகை சாதாரணமானது என்றாலும் நல்லது என்று அர்த்தமில்லை. கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைகள் பக்கத்தில் இருக்கவே கூடாது.

முதலில் உள்ளே இருந்த தட்டு, கம்பித் தாங்கிகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். தட்டுக்கு அடியில் ஒரு துண்டு அட்டை இருந்தது! தாங்கியின் மூலையில் பிளாஸ்டிக் கட்டுப்பட்டை ஒன்று. கேக் வெந்தபோது அதுவும் பாதி உருகியிருந்தது. புகையில் அதன் பங்கு எவ்வளவு என்று இனி யாருக்கும் தெரியாது. கதவுச் சட்டத்தின் ஓரத்தில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிய பிறகுதான் வந்தது. வெளிச்சம் பட, கண்ணால் மட்டுமல்லாமல் விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம்.

பிறகு தட்டுகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினேன். உட்சுவரை ஈரத் துணியால் துடைத்து, இன்னொரு துணியால் காயத் துடைத்தேன். கம்பி நார் வேண்டாம், எனாமல் கீறிவிடும். சூடேற்றும் கம்பியை நனைக்கவும் கூடாது. துடைக்கத் துடைக்க எண்ணெயின் ஒரு பகுதி துணியோடு போய்விடுகிறது. அந்த அளவுக்குப் புகை குறைவு.

அடுத்தது காற்று. படுக்கையறைக் கதவுகளைச் சாத்தினேன். சமையலறை ஜன்னலை முழுதாகத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் பார்க்க வைத்தேன். நாம் வழக்கமாகச் செய்வதுபோல உள்பக்கம் பார்க்க வைத்தால் புகை வீடு முழுக்கச் சுற்றும். அடுப்பின் மேலுள்ள புகை உறிஞ்சியையும் போட்டேன். எச்சரிக்கைக் கருவியைக் கழற்றி வைக்கலாமா என்று கை துறுதுறுத்தது. செய்யவில்லை. பல கருவிகளில் சத்தத்தைச் சில நிமிடம் அடக்கி வைக்கும் பொத்தான் இருக்கிறது. அது போதும். கழற்றி வைத்தால் திரும்ப மாட்ட மறந்துபோவோம்.

காலி ஓவனை, மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் சேர்ந்து இயங்கும் முறையில் 240 டிகிரிக்கு வைத்தேன். கையேடுகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபடும். பெரும்பாலும் 200 முதல் 250 டிகிரி வரை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் என்று சொல்லும். உங்கள் கையேடு சொல்வதே உங்களுக்குச் சட்டம். இவ்வளவு சூடு எதற்கு, 120 டிகிரியில் நிதானமாக இரண்டு மணி நேரம் வைத்தால் ஆகாதா என்று எனக்கும் தோன்றியது. ஆகாது. 120 டிகிரியில் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கும் எண்ணெய், பிறகு 200 டிகிரியில் நாம் சமைக்கும்போது கிளம்பும். நாம் வழக்கமாகச் சமைக்கும் சூட்டைவிட ஒருபடி மேலே போய் விரட்டினால்தான், சமைக்கும்போது நிம்மதி.

எட்டாவது நிமிடத்தில் வாடை தொடங்கியது. இருபதாவது நிமிடத்தில் உச்சம். மெல்லிய நீலம் கலந்த வெண்புகை, அதே மீன். நான் நடைபாதையில் உட்கார்ந்து நிகழ்ச்சிக்கான குறிப்பு எழுதிக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தேன். காலியாக இருந்தாலும், ஓவனை ஓடவிட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடக் கூடாது. முக்கால் மணியில் புகை கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் முடிந்ததும் காற்றை உள்ளே சுழற்றும் முறைக்கு மாற்றி இருபது நிமிடம் விட்டேன். பின்சுவருக்குப் பின்னால் அதற்கென்று தனி வளையக் கம்பி ஒன்று இருக்கிறது.

கடைசியாக கிரில் பத்து நிமிடம். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள் என்று அங்கிள் சொல்லியிருந்தார். கிரில் கம்பி வேறு. கேக் சுடும் முறையில் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் அது முழுச் சூட்டைக் காணாமலே இருக்கலாம். ஆறு மாதம் கழித்து முதல்முறையாக கிரில் போடும்போது புகைந்து, ஓவன் பழுதாகிவிட்டதோ என்று பயப்படுவார்கள். எங்கள் கிரில்லும் தன் பங்குக்கு இரண்டு நிமிடம் புகைந்தது.

அணைத்து, கதவைத் திறந்து ஆறவிட்டு, மறுபடி ஈரத் துணியால் துடைத்தேன். துணியில் பழுப்புக் கறை. அன்று மாலை இன்னொரு முறை அரை மணி நேரம். இப்போது புகையே இல்லை, சூடான இரும்பின் மணம் மட்டும். சோதித்துப் பார்க்க ஒரு ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவி உள்ளே வைத்து எடுத்துச் சாப்பிட்டேன். வெண்ணெய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே. வெண்ணெய் மட்டும்தான் இருந்தது.

இந்தக் கதையை நிகழ்ச்சியில் இரண்டு நிமிடம் சொன்னேன். அன்றைக்குப் பாட்டு விருப்பத்தைவிட அடுப்புக் கேள்விகள்தான் அதிகம் வந்தன. தோ பாயோவிலிருந்து ஓர் அம்மா அழைத்து, புது ஏர் ஃப்ரையருக்கும் இப்படிச் செய்ய வேண்டுமா என்று கேட்டார். செய்ய வேண்டும், கையேடு சொல்லும் சூட்டில் பத்து, பதினைந்து நிமிடமே பெரும்பாலும் போதும் என்றேன். பின்னணியில் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டது. பட்ஜி கிளிகள், கூண்டு சமையலறை ஜன்னலோரம் என்றார். முதலில் கூண்டைத் தூக்கி வீட்டின் மறுகோடி அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள் என்றேன். பறவைகளின் நுரையீரல் நம்முடையதைவிடப் பல மடங்கு மென்மையானது. ஒட்டாத பூச்சு உள்ள பாத்திரம் அளவுக்கு மேல் சூடானால் எழும் ஆவியில் வளர்ப்புப் பறவைகள் நிமிடங்களில் இறந்துபோயிருக்கின்றன. நமக்கு வாடைகூடத் தெரியாத அளவே அவற்றுக்கு அதிகமாக இருக்கலாம்.

அடுப்புகளைப் பற்றியும் கேட்டார்கள். கண்ணாடிக்கு அடியில் கம்பி சிவக்கும் மின்னடுப்பு ஓவன் போலத்தான், முதல் சில தடவை வாடை வரும். இண்டக்‌ஷன் வேறு கதை. அதில் சூடாவது பாத்திரம்தான், கண்ணாடி அல்ல. பாத்திரமே இல்லாமல் வெறுமனே போட்டு வைத்தால் அது வேலையே செய்யாது. வாடை வந்தால் புதுப் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டையோ கண்ணாடியின் மேல் உரிக்காமல் விட்ட தாளையோ முதலில் பாருங்கள். புது எரிவாயு அடுப்பில் பர்னரின் மேலுள்ள பூச்சும் எண்ணெயும் கருகும் வாடை சில நிமிடம் வரலாம், சுடர்கூட நிறம் மாறித் தெரியலாம். ஆனால் அழுகிய முட்டை போன்ற வாடை வந்தால் அது கசிவை நாம் கண்டுகொள்வதற்காகவே எரிவாயுவில் சேர்க்கப்பட்டது. அதைப் போகவைக்க எதையும் சூடாக்கக் கூடாது. குழாயை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த மின்விசையையும் தொடாமல் வெளியே வந்து உதவிக்கு அழைக்க வேண்டும்.

ஓவனிலும் அப்படி ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. தொழிற்சாலை எச்சத்தின் புகை மெல்லியது, ஓவனின் உள்ளிருந்தோ கதவோரத்திலிருந்தோ வருவது, ஒவ்வொரு முறைக்கும் குறைந்துகொண்டே போவது. கரும்புகை, தீப்பொறி, பொத்தான்கள் இருக்கும் பலகையிலிருந்தோ சுவர் பிளக்கிலிருந்தோ வரும் கருகிய பிளாஸ்டிக் வாடை, மூன்றாவது முறையும் குறையாத புகை, இவற்றில் எது இருந்தாலும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். தீயே பிடித்தால் கதவைத் திறக்காமல் மின்சாரத்தை அணைத்துவிட்டு 995.

என் தோழி ஒருத்திக்கு நடந்தது இன்னொரு வகை. வாங்கிய ஓவனைப் புதுப்பிப்பு வேலை முடியும்வரை ஆறு மாதம் ஸ்டோர் ரூமில் வைத்திருந்தாள். முதல்முறை போட்டதும் வீடே இருண்டது. மின்கசிவுத் துண்டிப்பான் விழுந்துவிட்டது. மேலே தள்ளினாள், மறுபடி விழுந்தது. சூடேற்றும் குழாய்க்குள் மின்கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளை நிரப்பியிருப்பார்கள். அது ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. நம் ஊர்க் காற்றில் ஆறு மாதம் சும்மா கிடந்தால் கேட்கவே வேண்டாம். ஈரத் தூள் வழியாக மிகச் சிறிய அளவு மின்சாரம் கசிந்தாலும் துண்டிப்பான் தன் வேலையைச் செய்துவிடும். உரிமம் பெற்ற மின் ஊழியர் வந்து சோதித்து, கம்பியை உலர்த்திய பிறகு சரியானது. ஈரம்தானே என்று நாமாகத் திரும்பத் திரும்ப மேலே தள்ளிக்கொண்டிருக்கக் கூடாது. நிஜமான பழுதும் இதே மாதிரிதான் விழவைக்கும். முன்பெல்லாம் பழைய வீடுகள் சிலவற்றில் இந்தத் துண்டிப்பானே கிடையாது. 2025 ஜூலைக்குள் எல்லா வீடுகளிலும் இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது.

அன்று தேக்காவிலிருந்து திரும்பியபோது அத்தை கையில் ஒரு பெரிய பொட்டலம். பேரனுக்கு மீசைத் தோசை ஊற்றிக் கொடுக்கவாம், புது இரும்புத் தோசைக்கல். உள்ளே நுழைந்ததும் நின்று மூக்கை உறிஞ்சினார். "இப்ப மீன் இல்ல" என்றார். மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது கல்லை அடுப்பில் வைத்து, நல்லெண்ணெயும் பாதி வெங்காயமுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் மறுபடியும் புகை. நான் வாயைத் திறப்பதற்குள், கரண்டியால் ஜன்னலைக் காட்டினார். மின்விசிறி வெளிப்பக்கம் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. மாமாவின் நாற்காலியும் செய்தித்தாளும் ஏற்கெனவே நடைபாதைக்குப் போய்விட்டிருந்தன.